விழுங்கிய காசு ஏன் கழுத்தடியிலேயே நின்றுவிடுகிறது?

“என் இரண்டரை வயது மகன் ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டான். எக்ஸ்ரேயில் அது கழுத்தடியில் நின்றிருந்தது. மறுநாள் காலையில் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள், இப்போது நலமாக இருக்கிறான். விழுங்கியது ஏன் அந்த இடத்தில் போய் நின்றது? உணவுக்குழாயில் வேறு எங்கெல்லாம் பொருள்கள் சிக்கும்? காசு என்பதால் காலை வரை பொறுத்தோம், பேட்டரியாக இருந்தால் இரவோடு இரவாக எடுத்திருப்போம் என்றார் மருத்துவர். அது ஏன்?”

உணவுக்குழாயிலேயே மிகக் குறுகிய இடம் அதன் வாசல்தான். உங்கள் மகன் விழுங்கிய காசு அந்த வாசலைத் தாண்டியவுடன் நின்றிருக்கிறது. வாயிலிருந்து இரைப்பைக்கு ஒரு ரப்பர் குழாய் திறந்தபடியே தொங்குவதாக நாம் மனத்தில் படம் போட்டுக்கொள்கிறோம். உண்மையில் உணவுக்குழாய் திறந்த குழாயே அல்ல. உள்ளே எதுவும் இல்லாதபோது அது முன்னும் பின்னும் ஒட்டி, தண்ணீர் நின்றுபோன தீயணைப்புக் குழாயைப் போலத் தட்டையாகக் கிடக்கிறது. அதன் மேல்முனையைக் கிரிக்கோஃபாரிஞ்சியஸ் என்னும் தசை எப்போதும் இறுக்கி மூடியிருக்கிறது. நாம் விழுங்கும்போது மட்டும் அந்தத் தசை ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் தளர்ந்து வழிவிட்டு, உடனே மறுபடி மூடிக்கொள்கிறது. மூச்சு இழுக்கும்போது காற்று இரைப்பைக்குள் போகாமலும், உணவு தொண்டைக்குத் திரும்பாமலும் காப்பது இந்த இறுக்கமே.

காசு அந்தத் தசைக்கு மேலே நிற்பதைவிட, அதைத் தாண்டிச் சற்றுக் கீழே நிற்பதே அதிகம். தொண்டையின் தசைகள் வலிமையானவை. நாக்கும் அவையும் சேர்ந்து கொடுக்கும் தள்ளலில் காசு வாசலைக் கடந்துவிடுகிறது. கடந்தவுடன் அது வந்து சேரும் கழுத்துப் பகுதி உணவுக்குழாயில் தள்ளும் விசை குறைவு. மென்ற உணவும் தண்ணீரும் வழுக்கிக்கொண்டு போய்விடும். விறைப்பான வட்டத்தகடு போவதில்லை. 2019-இல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். வளர்ந்தவர்களிலேயே இந்த வாசல் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர்தான் என்று உடற்கூறு நூல்கள் சொல்லும். தசை என்பதால் அது விரிந்து கொடுக்கும். ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையின் குழாய் விரிந்து கொடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. குழந்தைகளின் உணவுக்குழாயில் சிக்கும் காசுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த முதல் குறுக்கத்தை ஒட்டியே நிற்கின்றன. எக்ஸ்ரேயில் அவை இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவில், சட்டைக் காலரின் பொத்தான் இருக்கும் இடத்தில், பளிச்சென்ற வட்டமாகத் தெரியும். நீங்கள் கழுத்தடி என்று எழுதியிருப்பது இந்த இடத்தைத்தான்.

மற்ற இடங்களுக்கு வருகிறேன். எங்கள் துறையில் உணவுக்குழாயை மேல்வரிசை முன்பற்களிலிருந்து அளந்து சொல்வது வழக்கம், ஏனென்றால் நாங்கள் செலுத்தும் கருவி பற்களைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. வளர்ந்த ஒருவரில் பற்களிலிருந்து 15 சென்டிமீட்டரில் உணவுக்குழாய் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது குரல்வளையின் அடிவளையமான கிரிக்காய்டு குருத்தெலும்பின் கீழ்விளிம்பு. பின்னால் 6-ஆம் கழுத்து முள்ளெலும்பின் மட்டம். அங்கிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம் இறங்கி, 40 சென்டிமீட்டர் அளவில் இரைப்பையை அடைகிறது. குழந்தைகளில் இந்த அளவுகள் எல்லாமே உயரத்திற்கு ஏற்பக் குறையும்; வரிசை மாறாது.

இந்த 25 சென்டிமீட்டரும் நேர்கோடாகப் போவதில்லை. நடுவில் தொடங்கும் குழாய் கழுத்தின் அடிப்பகுதியில் சற்று இடப்பக்கம் சாய்ந்து, மார்புக்குள் 5-ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் மறுபடி நடுவுக்கு வந்து, 7-ஆம் முள்ளெலும்புக்குக் கீழே மீண்டும் இடப்பக்கமும் முன்பக்கமும் விலகி, 10-ஆம் முள்ளெலும்பின் மட்டத்தில் உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றுக்குள் நுழைகிறது. கழுத்தைத் திறந்து உணவுக்குழாயை அணுக வேண்டி வந்தால் அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது முதலில் சொன்ன அந்தச் சாய்வினால்தான்.

இரண்டாவது குறுக்கம் மார்பின் மேல்பகுதியில் இருக்கிறது. இது உணவுக்குழாயின் சொந்தத் தசையால் வந்ததன்று. பக்கத்து வீட்டுச் சுவர் நம் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது. பற்களிலிருந்து 22, 23 சென்டிமீட்டரில் பெருந்தமனியின் வளைவு இடப்பக்கத்திலிருந்து அழுத்துகிறது. அதற்குச் சற்றுக் கீழே, 27 சென்டிமீட்டர் அளவில், இடது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்கிளை முன்பக்கமாகக் குறுக்கே கடக்கிறது. சில நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணி மொத்தம் நான்கு குறுக்கங்கள் என்னும். சில ஒன்றாகச் சேர்த்து மூன்று என்னும். இரண்டுமே சரி, எண்ணும் முறைதான் வேறு. எண்டோஸ்கோப்பை இந்த இடத்துக்குக் கொண்டுபோகும்போது குழாயின் இடப்பக்கச் சுவர் இதயத்துடிப்புக்கு ஏற்ப எழுந்து தாழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். முதன்முறை பார்க்கும் பயிற்சி மருத்துவரின் கை தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். அந்தச் சுவருக்கு அப்பால் ஓடுவது உடலின் மிகப்பெரிய இரத்தக்குழாய் என்பதைப் படத்தைவிட அந்தத் துடிப்புதான் நன்றாகப் புரியவைக்கிறது.

இந்த இரண்டாம் இடத்தில் காசு நிற்பது முதல் இடத்தைவிடக் குறைவு. பெரியவர்களில் இங்கே ஒட்டிக்கொள்வது மாத்திரைகள். இரவில் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு டாக்ஸிசைக்கிளின் மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே சாய்ந்துவிடுபவர்களுக்கு, அந்த மாத்திரை பெருந்தமனி வளைவின் அருகே தங்கிக் கரைந்து, அந்த இடத்தில் புண்ணை ஏற்படுத்திவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சுக்குள் குத்துகிறது என்று வருவார்கள். பலர் இதய வலி என்றே பயந்திருப்பார்கள்.

மூன்றாவது இடம் உதரவிதானத்தைக் கடக்கும் இடமும் அதன் கீழுள்ள வால்வு போன்ற இறுக்கமும். பெரியவர்கள் இறைச்சித் துண்டு அடைத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் குழாயின் இந்தக் கீழ்ப்பகுதியைத்தான் பார்க்கிறோம். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். குழந்தையின் உணவுக்குழாயில் காசு நிற்கக் குழாயில் கோளாறு எதுவும் வேண்டியதில்லை, காசின் அளவே போதும். பெரியவரின் குழாயில் மென்ற இறைச்சி நின்றால், குழாயிலேயே ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்: அமிலம் மேலே வந்து வந்து உண்டான தழும்புச் சுருக்கம், கீழ்முனையில் மெல்லிய சவ்வு வளையம், ஒவ்வாமை வகை அழற்சி, சில நேரம் புற்றுநோய். ஆகவே துண்டை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அது நின்ற இடத்தைப் பார்த்து, தேவையானால் சிறு திசுத்துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மீன் முள்ளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பெரும்பாலான மீன் முட்கள் உணவுக்குழாய் வரை போவதே இல்லை. டான்சிலிலோ நாக்கின் அடியிலோ குத்தி நிற்கும், வாயைத் திறந்து விளக்கு வைத்துப் பார்த்தே எடுத்துவிடலாம். நம் வீடுகளில் உடனே சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள், இல்லையென்றால் வாழைப்பழம் கொடுப்பார்கள். டான்சிலில் மேலோட்டமாகக் குத்தி நின்ற முள்ளை அந்த உருண்டை இன்னும் ஆழமாக அழுத்திவிடலாம், அல்லது எட்டாத இடத்திற்குத் தள்ளிவிடலாம். இதைச் சொல்லும்போது, “எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் டாக்டர்” என்பார்கள். பாட்டி காலத்தில் தானாகவே போன முட்களை மட்டும்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. உணவுக்குழாயில் ஒரு பொருள் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பது இரண்டைப் பொறுத்தது: அந்தப் பொருள் சுவரை என்ன செய்கிறது, சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது. குடலுக்கு வெளியே போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை உணவுக்குழாயின் மார்புப் பகுதிக்குக் கிடையாது. உட்சவ்வு, அதன் அடித்திசு, தசை, அதற்கு வெளியே தளர்வான இணைப்புத் திசு, அவ்வளவுதான். கழுத்தில் அதன் முன்னே ஒட்டியே மூச்சுக்குழாய் இருக்கிறது. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் பின்பக்கம் முழுமையடையாதவை என்பதால் இரு குழாய்களுக்கும் நடுவே இருப்பது மென்திசு மட்டுமே. இரு குழாய்களும் சேரும் பள்ளத்தில், இருபுறமும், மார்பிலிருந்து குரல்வளைக்குத் திரும்பி ஏறும் நரம்பு செல்கிறது. அது கெட்டால் குரல் கம்மும். பின்னால் முதுகெலும்பு. மார்பில் இடப்பக்கம் பெருந்தமனி. இன்னும் கீழே போனால் முன்பக்கம், இதய உறைக்கு அப்பால், இதயத்தின் இடது மேலறை.

காசு வேதிவினை புரியாத பொருள். அது சிலமணி நேரம் நிற்பதால் உட்சவ்வில் அழுத்தத் தடம் விழும், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நேராது. குழந்தை எச்சிலை விழுங்க முடிந்து, மூச்சுத் திணறலும் இல்லாவிட்டால் 12 முதல் 24 மணி நேரம் வரை பொறுக்கலாம். அந்தப் பொழுதில் ஒரு பங்கு காசுகள் தாமாகவே இரைப்பைக்கு இறங்கிவிடுகின்றன. கீழே நிற்பவை இறங்குவதற்கு வாய்ப்பு அதிகம், உங்கள் மகனுடையதைப் போல வாசலில் நிற்பவைக்குக் குறைவு. எனவேதான் மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் மறுபடி ஓர் எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். எச்சில் வடிந்துகொண்டே இருந்தாலோ மூச்சு சத்தம் போட்டாலோ காசாக இருந்தாலும் காலை வரை காத்திருக்க மாட்டோம்.

பட்டன் பேட்டரி வேறு சங்கதி. தராசு, ரிமோட், கார்ச் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியின் விட்டமும் 20 மில்லிமீட்டர்தான். அளவில் ஒரு ரூபாய்க் காசுக்கு இணையாக இருப்பதால் அதே வாசலில்தான் நிற்கும். அது உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிவதால்தான் சேதம் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவன்று. குழாயின் ஈரமான சவ்வு பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றை முடித்துவிடுகிறது. 3 வோல்ட் என்பது நீரைச் சிதைக்கப் போதுமான அழுத்தம். எதிர்முனையை ஒட்டி ஹைட்ராக்ஸைடு உருவாகி, அந்த இடத்துத் திசு கடும் காரத்தில் வெந்துபோகிறது. ரிமோட்டை இயக்க வலுவில்லாமல் தூக்கிப் போட்ட பழைய பேட்டரியும் இதைச் செய்யும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே ஆழமான புண் உண்டாகலாம் என்பதால்தான், பேட்டரி என்று தெரிந்த நொடியிலிருந்து மணி பார்க்கிறோம்.

நான் பயிற்சியில் இருந்த நாளில் இந்தப் பாடத்தைக் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டரை மணிக்கு இரண்டு வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டை ஒதுக்கியிருக்கிறாள், தாடையெல்லாம் எச்சில். “காசைத்தான் முழுங்கிட்டா சார், அலமாரியில வெச்சிருந்த ஒரு ரூபாயைக் காணோம்” என்றார் தந்தை. முன்பக்க எக்ஸ்ரேயில் காறை எலும்புகளுக்கு நடுவே முழுவட்டம். நான் தாளில் ‘நாணயம்’ என்றெழுதி, காலையில் எடுக்கலாம் என்று குறித்தேன். மூத்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஓரத்தைப் பாருங்கள்” என்றார் அமைதியாக. வட்டத்தின் விளிம்புக்கு உள்ளே இன்னொரு மெல்லிய வட்டம், நிலவைச் சுற்றிய பரிவட்டம் போல. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோம். காசாக இருந்தால் ஒரே தடிமனான கோடாகத் தெரிந்திருக்கும். இது ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒரு படி இறங்கிக் குறுகியும் இருந்தது. குறுகிய பக்கம்தான் எதிர்முனை. அது மூச்சுக்குழாய் இருக்கும் முன்பக்கத்தைப் பார்த்து நின்றது.

மயக்க மருந்து நிபுணர் வந்து, மூச்சுக்குழாயில் குழாயிட்டுக் காற்றுவழியைப் பாதுகாத்து, நாங்கள் பேட்டரியை வெளியே எடுத்தபோது மணி பத்தேகால். முன்சுவர் ஒரு நகத்தின் அளவுக்குக் கரிந்து கறுத்திருந்தது. அந்தப் புண்ணை மிகவும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கழுவினோம். மூக்கு வழியாக இரைப்பைக்கு மெல்லிய குழாய் செலுத்திப் பால் கொடுத்தோம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழவில்லை. அது எங்கள் திறமை என்று சொல்லமாட்டேன். ஆறு வாரம் கழித்து இட்லி விழுங்கச் சிரமப்படுகிறாள் என்று மறுபடி வந்தார்கள். புண் ஆறிய இடம் சுருங்கியிருந்தது. அதை மூன்று முறை விரித்துவிட வேண்டியிருந்தது. நான் எழுதிய ‘காலையில்’ என்ற சொல் அடிக்கப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் ஒவ்வொரு வட்ட நிழலைப் பார்க்கும்போதும் எண்ணுகிறேன். அன்றிலிருந்து பக்கவாட்டுப் படம் இல்லாமல் காசு என்று எழுதுவதில்லை.

அந்தப் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. உணவுக்குழாய் பக்கவாட்டில் அகலமானது, முன்பின்னாகத் தட்டையானது. ஆகவே அதில் நிற்கும் காசு முன்பக்க எக்ஸ்ரேயில் முழு முகத்தையும், பக்கவாட்டில் விளிம்பையும் காட்டும். மூச்சுக்குழாய்க்குள் போன காசு இதற்கு நேர்மாறாகக் கிடக்கும் என்று பாடநூல்கள் சொல்லும். பெரும்பாலும் சரி, எப்போதும் சரியன்று. அதை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், மூச்சுக்குழாயின் கருநிழலுக்கு முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்ட இரண்டு காசுகளும் பக்கவாட்டில்தான் தெரியவரும்.

பேட்டரியைப் பற்றி முக்கியமான ஒன்று மீதமிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆபத்து அன்றோடு முடிந்துவிடுவதில்லை. காரம் ஊறிய திசு பின்வரும் நாள்களிலும் கரைந்துகொண்டே போகலாம். எதிர்முனை எந்தப் பக்கம் பார்த்தது, எந்த மட்டத்தில் நின்றது என்பதே அடுத்து எதைக் கவனிப்பது என்று சொல்லும்: முன்பக்கமானால் பால் குடிக்கும்போது இருமலும் புரையேறுதலும், பக்கவாட்டில் நரம்பை எட்டினால் கம்மிய குரல், பின்பக்கமானால் கழுத்தை அசைக்க மறுப்பதும் காய்ச்சலும். எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது பெருந்தமனி வளைவின் மட்டத்தில் நின்ற பேட்டரி. எடுத்துச் சில நாள்களோ வாரங்களோ கழித்து வாயில் சிறிது இரத்தம் வந்து நிற்கும், அல்லது மலம் கறுத்துப் போகும். அந்தச் சிறு இரத்தம் எச்சரிக்கை. அதை வாய்ப்புண் என்று விட்டுவிட்டால், அடுத்து வருவது பெருந்தமனியிலிருந்து நேராக வரும் பெருக்காக இருக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை மிகக் குறைவு. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. காசை இறக்க உணவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது, ஏனென்றால் மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான். விழுங்கியது பட்டன் பேட்டரி என்று தெரிந்து, 12 மணி நேரம் ஆகாமல், குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கவும் முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் பேட்டரியைப் போர்த்திக் காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது. தேன் வாங்கக் கடையில் வண்டியை நிறுத்தினால் அந்த நன்மை போய்விடும். விழுங்கிய பொருளைப் போன்றே இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலியான ரிமோட்டின் பின்மூடி திறந்து கிடந்ததா என்பது எங்களுக்கு எக்ஸ்ரே அளவுக்கே உதவும்.

கடைசியாக, அறிகுறியைப் பற்றி ஒரு சொல். கழுத்துப் பகுதியில் சிக்கியதைப் பெரியவர்கள் விரல் வைத்துச் சரியாகக் காட்டுவார்கள். நெஞ்சுக்குக் கீழே சிக்கியதையும் பலர் தொண்டைக் குழியில்தான் காட்டுவார்கள். கீழ்ப்பகுதியிலிருந்து வரும் உணர்வு மேலே தோன்றுகிறது. ஆகவே தொண்டையைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. பேசத் தெரியாத குழந்தையோ எதையும் காட்டாது. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே இருப்பதும், வழக்கத்துக்கு மாறாக எச்சில் ஒழுகுவதும், பாலை மட்டும் குடித்து இட்லியைத் துப்புவதும்தான் அதன் மொழி. சிக்கிய பொருள் வாரக்கணக்கில் தங்கிவிட்டால் முன்னாலிருக்கும் மூச்சுக்குழாயை அழுத்தி, வெறும் இருமலாகவும் இழுப்பாகவும் வெளிப்படும். ஆஸ்துமா என்று மருந்து வாங்கிச் சாப்பிட்ட பிள்ளையின் மார்பு எக்ஸ்ரேயின் மேல்விளிம்பில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், ஒரு காசு தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். மார்புக்கு எடுக்கும் படத்தில் கழுத்தடியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள் என்று எக்ஸ்ரே அறைக்கு இப்போது எழுதியே அனுப்புகிறேன்.